மச்சம் மாறுகிறதா? தோல் ஓ.பி.யில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

தோல் நோய்ப் பிரிவில் நர்ஸாகப் பல வருடம் இருந்தவள் நான். படைக்கும் தேமலுக்கும் வருபவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, கதவருகே நின்று "சிஸ்டர், இன்னொண்ணு கேக்கணும்" என்று சட்டையைத் தூக்கியோ செருப்பைக் கழற்றியோ ஒரு மச்சத்தைக் காட்டுவார்கள். அப்படிக் கேட்டவற்றில் அடிக்கடி வந்தவை இங்கே. பதில்கள் எங்கள் டாக்டர்களிடம் நான் கற்றுக்கொண்டவை.

மச்சம், மரு, உண்ணி எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் அது மச்சம். கழுத்திலும் அக்குளிலும் காம்பு வைத்துத் தொங்கும் சதை வேறு. நாற்பதைத் தாண்டிய பெண்களின் கன்னத்தில் மிளகு தூவியதுபோல் வரும் குட்டிக் கறுப்பு முண்டுகள் வேறு. வயதானவர்களின் முதுகில் மெழுகை உருக்கி ஒட்டியதுபோல், விரல் நகத்தால் பெயர்த்துவிடலாம் என்று தோன்றும் பழுப்புத் திட்டுகளும் வேறு. இந்த மூன்றும் எண்ணிக்கையில் கூடிக்கொண்டே போகும், பார்க்கப் பயமாகவும் இருக்கும். ஆனால் அவை புற்றுநோயாக மாறுபவை அல்ல. ஓ.பி.யில் பயந்து காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை இவைதான்.

எந்த மச்சத்தைப் பத்திக் கவலையே பட வேண்டாம்?

பள்ளிக்கூடத்தில் கொடுத்த டி.சி.யை எடுத்துப் பாருங்கள். அங்க அடையாளம் என்ற இடத்தில் "வலது முழங்கையில் ஒரு மச்சம்" என்று எழுதியிருக்கும். அந்த மச்சம் இன்றும் ஏறக்குறைய அதே அளவில், ஒரே நிறத்தில், வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருந்தால் அதற்கு மேல் நல்ல சாட்சி கிடையாது. வாத்தியார் எழுதிவைத்த மருத்துவக் குறிப்பு என்றே அதைச் சொல்வேன்.

மச்சத்துக்கும் வயதாகும். சின்ன வயதில் தட்டையாக, கருப்பாக இருந்தது முப்பது, நாற்பதில் லேசாக மேடாகும். அறுபதில் நிறம் வெளுத்து மெத்தென்ற சதையாகிவிடும். முடியும் முளைக்கலாம். பத்து, இருபது வருடத்தில் நடக்கிற இந்த மாற்றம் இயல்பானது. நாம் தேடுவது சில மாதங்களில் நடக்கிற மாற்றத்தை.

ஏ, பி, சி, டி, ஈன்னு ஒரு முறை வாட்ஸப்புல வந்துச்சு. அதை வச்சு நானே பாத்துக்கலாமா?

பார்க்கலாம், அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு. மச்சம்போல வரும் புற்றுநோயை அடையாளம் காண 1985இல் நியூயார்க் டாக்டர்கள் முதல் நான்கு எழுத்துகளைச் சொன்னார்கள். மச்சத்தின் நடுவே மனதுக்குள் ஒரு கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இல்லாதது ஏ. ஓரம் தெளிவாக முடியாமல், மை கசிந்த காகிதம்போல் இருப்பது பி. ஒரே மச்சத்தில் பழுப்பு, கருப்பு, சாம்பல், சிவப்பு என்று பல நிறம் கலந்திருப்பது சி. 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இருப்பது டி. பென்சிலின் பின்பக்க ரப்பரை அதன்மேல் வைத்தால் உத்தேசமாகத் தெரிந்துவிடும். கடைசி எழுத்தான ஈ 2004இல்தான் சேர்ந்தது. அதன் பொருள் மாறிக்கொண்டிருப்பது. கடைசியில் வந்தாலும் என் கணக்கில் அதுதான் முதல் எழுத்து. மற்ற நான்கும் இன்று எப்படி இருக்கிறது என்று சொல்லும். இது மட்டும்தான் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லும்.

எல்லை என்றேனே, அது இதுதான். 6 மில்லிமீட்டருக்குள் இருக்கிற கெட்ட மச்சமும் உண்டு, அதைத் தாண்டிய நல்ல மச்சம் ஏராளம். இன்னொன்று, மேடாகவே முளைக்கும் ஒரு வகை இருக்கிறது. அது வட்டமாக, ஒரே நிறமாக, ஓரம் சுத்தமாக இருந்து முதல் நான்கு எழுத்தையும் ஏமாற்றிவிடும். சில சமயம் கருப்பாகக்கூட இல்லாமல் ரோஜா நிறத்தில் இருக்கும். புதிதாக ஒரு முண்டு, தொட்டால் கெட்டியாக, ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே இருந்தால் எழுத்துக்கணக்கு பார்க்காமல் வந்து காட்டுங்கள்.

எனக்கு உடம்பு பூரா மச்சம். ஒவ்வொண்ணையும் அளந்துட்டா இருக்க முடியும்?

வேண்டாம். ஒரே ஆளின் மச்சங்கள் அண்ணன் தம்பி மாதிரி, ஒரு சாயல் இருக்கும். சிலருக்கு எல்லாமே சின்னதாகக் கருகருவென்று, சிலருக்கு எல்லாமே பழுப்பாக. அந்தக் கூட்டத்தில் சேராமல் தனியாகத் தெரிகிற ஒன்றை மட்டும் பாருங்கள். நாங்கள் முதுகைப் பார்க்கும்போதும் முதலில் இதைத்தான் செய்வோம். முழு முதுகையும் நான்கடி தள்ளி நின்று ஒரு பார்வை, பிறகு கண்ணில் இடறுவதைக் கிட்டே போய்.

நம்மள மாதிரி கறுப்புத் தோலுக்கு இந்தப் புற்றுநோய் வராதுன்னு சொல்றாங்களே?

ரொம்பக் குறைவு என்பது உண்மை. மெலனோமா என்ற இந்த நோய் இந்தியாவில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. வெள்ளைக்காரர்களுக்கு வெயில் பட்ட முதுகிலும் காலிலும் அதிகம் வரும். நம் நிறம் அந்த வெயிலிலிருந்து நம்மைக் காக்கிறது.

ஆனால் வெயிலோடு அதிகத் தொடர்பு இல்லாத ஒரு வகை, நிறம் குறைவாக இருக்கும் இடங்களில் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். இது எல்லா இனத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருவது. மற்ற வகை நமக்குக் குறைவு என்பதால், நம்மிடம் வருகிற மெலனோமாவில் பெரும்பங்கு இதுவாகிவிடுகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது இந்த வகைதான். 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்தார். நம் ஊரில் முகத்து மச்சத்தைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறோம், உள்ளங்காலை வருடத்தில் ஒருதரம்கூடத் திருப்பிப் பார்ப்பதில்லை.

உள்ளங்கால்ல ஒரு கறுப்பு. முள்ளு குத்தினதா, கால் ஆணியா, மச்சமான்னு எப்படித் தெரியும்?

எனக்கு மறக்காத ஒரு அம்மாவைச் சொல்கிறேன். வயது 54, களை எடுக்கப் போகிறவர். பேத்திக்குப் படை என்று கூட்டிக்கொண்டு வந்தவர், கிளம்பும்போது இடது குதிகாலைக் காட்டினார். ஒன்றரை வருடத்துக்கு முன் கருவேல முள் குத்தியதாம், அதிலிருந்து கறுப்பு இருக்கிறதாம். மெடிக்கல் ஷாப்பில் கால் ஆணி பிளாஸ்டர் வாங்கி மூன்று மாதம் ஒட்டியிருக்கிறார். தோல் வெள்ளையாக உரிந்ததே தவிர கறுப்பு போகவில்லை. வலி கிடையாது. அதனால்தான் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

டாக்டர் முதலில் பிளேடால் மேல் தோலை மெல்லச் சீவினார். இது எளிய சோதனை, பாதிக் குழப்பம் இதிலேயே தீரும். உராய்வால் உறைந்த ரத்தம் என்றால் சீவச் சீவக் கறுப்பு துகளாக வந்துவிடும். கால் ஆணி என்றால் நடுவில் கண்ணாடிபோல ஒரு கெட்டியான முளை தெரியும். பாலுண்ணிபோன்ற கிருமி மரு என்றால் பாதத்து ரேகை அந்த இடத்தில் அறுந்து, குத்துக் குத்தாகச் சின்ன ரத்தப் புள்ளிகள் இருக்கும். இவருக்கு மூன்றும் இல்லை. சீவிய பிறகும் நிறம் அப்படியே இருந்தது. அளந்தபோது 11க்கு 8 மில்லிமீட்டர், ஒரு பக்கம் வெளிர் பழுப்பு, மறுபக்கம் கருமை, ஓரம் தேசப்படம்போல வளைந்து வளைந்து.

அடுத்து டெர்மாஸ்கோப். விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்காலில் கைரேகைபோல வரப்பும் வாய்க்காலும் மாறி மாறி ஓடும். சாதாரண மச்சத்தின் நிறம் வாய்க்காலில் தங்கும், கெட்டதின் நிறம் வரப்பில் ஏறும். எது வரப்பு என்று சந்தேகம் வந்தால் வியர்வைத் துளைகளைத் தேட வேண்டும், அவை வரப்பின்மேல் வெள்ளைப் புள்ளியாக வரிசை கட்டி நிற்கும். இந்த அம்மாவுக்கு நிறம் வரப்பில் இருந்தது. வயலில் வேலை செய்கிறவர் என்பதால் வரப்பு, வாய்க்கால் என்று சொன்னதும் அவருக்கே சட்டென்று புரிந்தது. அடுத்த வாரம் அதை முழுதாக வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். என்ன வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டைவிரல் நகத்துல கறுப்புக் கோடு ஓடுது. இடிச்சுக்கிட்ட ஞாபகம் இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு.

இடித்ததால் கட்டிய ரத்தம் என்றால் நகம் வளர வளர அது முன்னால் நகரும், அடியில் புது நகம் சுத்தமாக வரும். கறுப்புக்கும் நகத்தின் வேர்ப்பக்கத் தோலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் பாதி நிம்மதி. கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் அதில் பாதி. ஆகையால் நகம் முழுதும் மாறக் கையில் ஆறு மாதம், காலில் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஒரு பேனாவால் தோலோரம் கோடு போட்டு நாள் எழுதி, இரண்டு மாதம் கழித்துப் பார்ப்பதைவிட, தேதியோடு போட்டோ எடுத்துவைப்பது மேல்.

நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடு இருப்பது சகஜம், அது நோயல்ல. கவனிக்க வேண்டியது ஒரே நகத்தில், முக்கியமாகக் கை அல்லது கால் கட்டைவிரலில், நடுவயதுக்குப் பிறகு புதிதாக வரும் கோடு. அது 3 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, வேர்ப்பக்கம் அகலமாகி நுனிப்பக்கம் குறுகியிருந்தாலோ காட்ட வேண்டும். கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலிலும் ஏறியிருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். நகச்சுத்தி என்று ஆறு மாதம் மஞ்சள் அரைத்துப் பூசியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா போதுமா? எத்தனை நாளைக்கு ஒருதரம்?

போதும், ஆனால் ஒழுங்காக எடுக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் பிள்ளைகளின் ஸ்கேலை வைத்து எடுங்கள். ஒன்று கிட்டத்தில், ஒன்று எந்த இடம் என்று தெரிகிற அளவுக்குத் தள்ளி. ஸ்கேல் இல்லாத போட்டோவை ஒப்பிட முடியாது. "போன தடவை சின்னதா இருந்துச்சு" என்று காட்டும் இரண்டு படத்தில் ஒன்று அரையடி தூரத்தில், ஒன்று ஓரடி தூரத்தில் எடுத்ததாக இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் மெல்ல நடக்கும் மாற்றம் கண்ணுக்குப் பழகிவிடும், கூடவே தூக்கமும் போகும். ஏற்கெனவே சந்தேகமாக இருக்கிற ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் போடாதீர்கள். அதை முதலில் டாக்டர் பார்க்கட்டும், காத்திருக்கலாமா என்பதை அவர் சொல்லட்டும்.

மூக்குப் பக்கத்துல ஒரு மச்சம் அஞ்சு வருஷமா கொஞ்சங்கொஞ்சமா பெருகுது. வலியும் இல்ல, அவசரமும் இல்லதானே?

மெலனோமாவைத் தவிர இன்னொரு தோல் புற்றுநோயும் மச்ச வேஷம் போடும். பேசல் செல் கார்சினோமா என்பார்கள். வெள்ளைத் தோலில் ரோஜா நிறமாக இருப்பது நம் தோலில் பெரும்பாலும் கருப்பாக வரும். அதனால் இங்கே "வயதான பிறகு வந்த மச்சம்" என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். ஓரம் மணி கோத்ததுபோல் உயர்ந்து பளபளக்கும். நடுவில் பள்ளமாகிப் பொருக்கு கட்டும், பொருக்கு விழுந்து ரத்தம் கசியும், மறுபடி பொருக்கு. உடம்பின் வேறிடத்துக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் இருக்கிற இடத்தை அரித்துக்கொண்டே போகும். மூக்கோரமும் கண்ணோரமும் வெட்டி மூடக் கஷ்டமான இடங்கள். 5 மில்லிமீட்டரில் எடுத்தால் தையல், 2 சென்டிமீட்டரில் எடுத்தால் வேறிடத்துத் தோலைக் கொண்டுவந்து மூட வேண்டியிருக்கும்.

ஷேவ் பண்ணும்போது மச்சம் வெட்டுப்பட்டு ரத்தம் வந்துடுச்சு. புற்றுநோயா மாறிடுமா?

மாறாது. காயம் படுவதால் மச்சம் கெட்டுப்போவதில்லை, அதிலுள்ள முடியைப் பிடுங்குவதாலும் இல்லை. முடியைப் பிடுங்கினால் சீழ் கட்டலாம், அதனால் கத்தரித்துக்கொள்ளுங்கள். வெட்டுக்காயம் இரண்டு வாரத்தில் ஆறிவிட வேண்டும். மூன்று வாரமாகியும் ஆறாவிட்டாலோ, யாரும் தொடாமலே ரத்தம் வந்தாலோ, அதைக் காயக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஏழு மாசம். வயித்து மச்சம் பெரிசாயிருக்கு. பிரசவம் முடியட்டும்னு மாமியார் சொல்றாங்க.

வயிறும் மார்பும் விரியும்போது மேலிருக்கும் மச்சமும் விரியும். எல்லாப் பக்கமும் சமமாக விரிந்து நிறம் ஒன்றாகவே இருந்தால் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் நீண்டாலோ, புது நிறம் கலந்தாலோ, முதுகு, கால் என்று விரியாத இடத்தில் மாறினாலோ பிரசவம் வரை காத்திருக்க வேண்டாம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுக்கும் சின்ன அறுவையைக் கர்ப்பத்திலும் செய்யலாம். ஊசி போடும் டாக்டரிடம் எத்தனை மாதம் என்று சொன்னால் போதும்.

சுண்ணாம்பு வச்சா விழுந்துடும்ங்கறாங்க, பார்லர்ல சுட்டும் எடுக்கறாங்க. அப்படி எடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துச்சுதானே?

எனக்குக் கோபம் வருகிற ஒரே கேள்வி இது. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் தோலை வேகவைக்கும். மேலே தெரிகிற கறுப்பு போகும், வேரிலிருக்கிற செல்கள் தங்கிவிடும். நல்ல மச்சம் என்றால் தழும்புக்கு நடுவில் ஒழுங்கில்லாத கறுப்பாக மறுபடி முளைக்கும். அதைப் பார்த்தால் மைக்ராஸ்கோப்பில்கூட மெலனோமாபோலத் தோன்றும். பிறகு இல்லாத நோய்க்குப் பயந்து அலைய வேண்டும்.

கெட்டது என்றால் இன்னும் மோசம். மேலே தழும்பு மூடிக்கொள்ள அடியில் வளரும். சுட்டு எடுத்ததில் பரிசோதனைக்கு அனுப்பத் துண்டே மிஞ்சாது. அழகுக்காக எடுப்பது தப்பில்லை. முதலில் தோல் டாக்டர் பார்த்து, சந்தேகமில்லை என்று சொன்ன பிறகு எடுங்கள். சந்தேகம் இருந்தால் லேசர் கூடவே கூடாது, கத்திதான்.

கத்தி வச்சா பரவிடும்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்க.

கத்தியால் பரவுவதில்லை. நாள்பட்டு வந்தவருக்கு ஏற்கெனவே பரவியிருக்கும், அறுவைக்குப் பிறகு அது தெரியவரும், பழி கத்திமேல் விழும். நோயின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அது எத்தனை ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான். அகலமல்ல, ஆழம். 1970இல் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோய்க்குறியியல் டாக்டர் இதைச் சொன்னார், ரிப்போர்ட்டில் அவர் பெயரிலேயே மில்லிமீட்டர் கணக்கு வரும். மச்சத்தை மேலாகச் சீவியெடுத்தால் ஆழம் பாதியில் வெட்டுப்பட்டு இந்தக் கணக்கு கெட்டுப்போகலாம். அதனால்தான் சுற்றிலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் நல்ல தோலோடு, கொழுப்பு தெரியும் ஆழம் வரை, முழுதாக எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்த துண்டைப் பார்மலின் பாட்டிலில் போட்டுத் தருவார்கள். அதை லேபில் சேர்க்காமல் வீட்டு அலமாரியில் வைத்திருந்தவர்கள் உண்டு, ஆகவே சொல்கிறேன்: அந்தப் பாட்டிலுக்காகத்தான் அறுவையே.

குதிகாலைக் காட்டிய அந்த அம்மாவின் ரிப்போர்ட் பத்து நாளில் வந்தது. மெலனோமாதான், ஆழம் 0.6 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அறுவையோடு சிகிச்சை முடிந்துவிடும். இரண்டாம் முறை சுற்றிலும் 1 சென்டிமீட்டர் விட்டு எடுத்து, தொடைத் தோலால் மூடினார்கள். ஆறு வாரம் காலை ஊன்றவில்லை. பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து, இடுப்பு மடிப்பில் நெறி கட்டியிருக்கிறதா என்று காட்டிவிட்டுப் போவார். நான் ஓய்வு பெறும்போது நான்காவது வருடம். களைக்குப் போக ஆரம்பித்திருந்தார், ரப்பர் செருப்போடு.

டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டார். ஆனா இன்னும் மாறுது. மறுபடி போனா திட்டுவாரா?

போங்கள். அவர் பார்த்தது அன்றைய மச்சத்தை. "ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே" என்று ஆரம்பிக்காமல், ஸ்கேல் வைத்து எடுத்த இரண்டு போட்டோவையும் தேதியோடு மேசைமேல் வையுங்கள். "மார்ச்சில் 5 மில்லிமீட்டர், ஜூனில் 8, இந்த ஓரம் புதுசு" என்று சொன்னால் பேச்சே வேறாகிவிடும். டெர்மாஸ்கோப்பில் பார்த்தீர்களா என்றும் கேளுங்கள். அங்கே அது இல்லையென்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். உள்ளங்கால் என்றால் போகும்போது காலைக் கழுவிக்கொண்டு போங்கள், நகம் என்றால் மருதாணியும் பாலிஷும் இல்லாமல்.